எஸ்டேட்டும் ஸ்டேட்டும்

சி ரூசா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்த பையன் ஒருவன் கோலாலம்பூருக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனான். கேள்விகள் ஆங்கிலத்தில். எந்த ஸ்டேட் என்று கேட்டார்கள். மாநிலத்தைக் கேட்கிறார்கள் என்று அவனுக்குச் சரியாகவே புரிந்தது. நெகிரி செம்பிலான் ஸ்டேட் என்று சொல்ல வாயைத் திறந்தான், வந்தது "இஸ்டேட்". எதிரில் இருந்தவர் காதில் அது எஸ்டேட் என்று விழுந்தது. அந்தத் தோட்டத்தில் இன்னும் ரப்பர் இருக்கிறதா, எல்லாம் செம்பனை ஆகிவிட்டதா என்று அவர் அக்கறையோடு விசாரிக்கத் தொடங்கிவிட்டார். பையன் எதற்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் விழித்தான்.

வேலை கிடைக்கவில்லை. அதற்கு அந்த ஒரே ஓர் இகரம்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அன்று இரவு வீட்டில் கூடிய சொந்தங்கள் அப்படித்தான் முடிவு கட்டின. "தமிழ்ப்பள்ளியில போட்டதுதான் தப்பு. நாக்கு அப்பவே தடிச்சிப் போச்சி. இனிமே எங்க வளையும்?" என்றார் பெரியப்பா. யாரும் மறுத்துப் பேசவில்லை.

ஆங்கில ஆசிரியனாக இருந்த காலம் முழுக்க இந்தத் தீர்ப்பைக் கேட்டிருக்கிறேன். ஓய்வு பெற்றுக் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்பு எடுக்கும் இப்போதும் கேட்கிறேன். இதில் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. தமிழனின் நாக்கு ஆங்கிலக் கூட்டெழுத்துக்கு வளையாது என்பது ஒன்று. அதற்குக் காரணம் தமிழ்ப்பள்ளி என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. தவறு என்பதோடு நின்றால்கூட விட்டுவிடலாம். இவற்றை நம்பி வீட்டிலும் வகுப்பிலும் தரும் பயிற்சி, போக்க நினைக்கும் குறையையே வளர்க்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் எஸ்டேட் என்ற சொல்லையே பார்ப்போம். நம் பாட்டன்மார் நான்கு தலைமுறையாக உச்சரித்த சொல். இதன் வேர் லத்தீனில் 'ஸ்டாட்டுஸ்'. முன்னால் உயிர் எதுவும் கிடையாது. பிற்கால லத்தீன் பேசிய மக்கள், சொல்லின் தொடக்கத்தில் 'ஸ்' வந்து அதை ஒட்டி ட், க், ப் வந்தால், முன்னே ஓர் இகரத்தையோ எகரத்தையோ வைத்துப் பேசினார்கள். அது பழைய பிரெஞ்சில் 'எஸ்டாட்' ஆனது. அந்த எகரத்தோடேயே கடல் தாண்டி ஆங்கிலத்துக்குள் புகுந்து எஸ்டேட் ஆனது. ஸ்டேட்டும் அதே வேர்தான், எகரம் மட்டும் இல்லை. ஆக, அந்தப் பையன் எதைச் செய்ததற்காக வெட்கப்பட்டானோ, அதையே பிரெஞ்சுக்காரன் செய்தான். ஆங்கிலேயன் அதை அகராதியில் ஏற்றிக்கொண்டான். துரை தன் பங்களாவின் முன் பலகையில் எழுதி மாட்டியதும் அந்தச் சேர்க்கை உயிரைத்தான்.

ஸ்கூலும் அப்படியே. லத்தீன் 'ஸ்கோலா' ஸ்பானிய மொழியில் 'எஸ்குவேலா', போர்த்துகீசில் 'எஸ்கோலா', பிரெஞ்சில் 'எகோல்'. இன்றைக்கும் ஆங்கிலம் பேசும் ஸ்பானியர் பலர் 'எஸ்கூல்' என்றுதான் தொடங்குவார்கள். அந்தப் போர்த்துகீசிய எஸ்கோலாவை வாங்கிய மலாய், உயிரை முன்னாலிருந்து எடுத்து நடுவில் வைத்து 'செக்கோலா' ஆக்கிக்கொண்டது. ஸ்டாம்ப் என்பது மலாயில் 'செத்தெம்', பிரஷ் என்பது 'பெருஸ்'. மலாய்க்காரருக்கு நாக்குத் தடிப்பு என்று யாராவது சொல்வார்களா? ஆங்கிலேயனும் இதற்கு விலக்கல்ல. கத்திக்கு அவன் எழுதும் சொல்லின் தொடக்கத்தில் இன்றும் ஒரு ககர ஒலிக்கான எழுத்து நிற்கிறது. சில நூற்றாண்டுகளுக்கு முன் அதை 'க்நைஃப்' என்ற சாயலில் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லுக்கு முன்னால் 'க்ந்' வருவது அவன் வாய்க்குப் பிடிக்காமல் போனதும், ககரத்தை உதறிவிட்டு 'நைஃப்' என்றான். நாம் உயிரைச் சேர்க்கிறோம், அவன் மெய்யைக் கழித்தான். இரண்டும் ஒரே தேவைக்காகத்தான்.

சேர்க்கிறோம் என்றேன். அதைக் கண்டபடி சேர்ப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இஸ்கூல், இஸ்டோர், இஸ்பூன் என்று இகரம் முன்னே வருகிறது. ஆனால் ஸ்லேட்டை யாரும் 'இஸ்லேட்டு' என்பதில்லை, 'சிலேட்டு' என்கிறோம். ஸ்லிப்பர் 'சிலிப்பர்' ஆகிறது. அங்கே உயிர் நடுவில் போய் உட்காருகிறது. ஸகரத்துக்குப் பின் க், ட், ப் வந்தால் முன்னால். ல் வந்தால் நடுவில். இந்தப் பாகுபாட்டை எந்தத் தோட்டத்துப் பிள்ளைக்கும் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, ஆனாலும் பிள்ளைகள் தவறுவதில்லை. வடசொல் வந்தபோதும் தமிழ் இப்படித்தான் செய்தது. ஸ்நேகம் 'சினேகம்' ஆனது, ஸ்லோகம் 'சுலோகம்' ஆனது. அங்கெல்லாம் உயிர் நடுவில். ஸ்தலமோ ஸகரத்தையே இழந்து 'தலம்' ஆனது. நெருங்கி நிற்கும் 'ஸ்த்', 'ஸ்க்' கூட்டை நடுவில் பிளந்து 'சுகூல்' என்றால், காதுக்கு அது மூலச் சொல்லைவிட்டு ரொம்பத் தூரம் போய்விடுகிறது. 'இஸ்கூல்' அவ்வளவு தூரம் போவதில்லை. கேட்டதற்கு மிக அருகில் இருப்பதைக் காது தேர்ந்தெடுக்கிறது. எல்லா மொழியும் ஒரே இடத்தில் உயிரை வைப்பதில்லை என்பதும் உண்மை. பஞ்சாபியர் 'சகூல்' என்பார்கள், பீகாரிகள் நம்மைப் போலவே 'இஸ்கூல்' என்பார்கள். ஆனால் ஒவ்வொரு மொழிக்குள்ளும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. சோம்பேறி நாக்குக்கு இப்படி ஓர் ஒழுங்கு இருக்காது.

நம் ஒழுங்கின் வேர் யாப்பில் இருக்கிறது. நேரசையை நினைத்துப் பாருங்கள்: குறில் தனித்து வரும், ஒற்றோடு வரும், நெடில் தனித்து வரும், ஒற்றோடு வரும். ஒற்று எப்போதும் ஓர் உயிருக்குப் பின்னால்தான் நிற்கும். ஒற்றில் தொடங்கும் அசை தமிழில் கிடையாது. பிஸ்கட் என்ற சொல்லை நம் காது 'பிஸ்', 'கட்' என்று பிரிக்கிறது. ஸகரம் 'பி'யின் மேல் சாய்ந்து நிற்கிறது, எந்தத் தொல்லையும் இல்லை. ஸ்கூலில் அந்த ஸகரம் சாய்வதற்கு முன்னால் எதுவும் இல்லை. சாய்ந்துகொள்ள ஓர் இகரத்தைக் காது தானே போட்டுக்கொள்கிறது.

பிஸ்கட்டைச் சொல்லத் தெரிந்த வாய் 'ஸ்க்' சொல்லத் தெரிந்த வாய்தானே? அஸ்திவாரம், மாஸ்டர், டிஸ்ட்ரிக்ட் என்று நாள் முழுக்கச் சொல்கிறோமே? டிஸ்ட்ரிக்டில் ஸ், ட், ர் என்று மூன்று மெய் வரிசையாக நிற்கிறது. ஸ்ட்ரைக்கில் உள்ள அதே மூன்று. ஆங்கிலமே தெரியாத பாட்டிகூட வேகமாகப் பேசும்போது 'அப்புறம்' என்பதை 'அப்றம்' என்றும், 'திரும்பி' என்பதைத் 'த்ரும்பி' என்றும்தான் சொல்கிறாள். இன்னொன்றையும் பாருங்கள். ரகரமும் லகரமும் சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. அதனால்தான் இராமன், உலோகம் என்று எழுதினோம். 'இரப்பர்' என்றுகூட அச்சிடுகிறோம். ஆனால் பால் மரம் வெட்டிய யாராவது வாயால் 'இரப்பர்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ரப்பர், லயம், லாரி என்றுதான் சொன்னார்கள். இலக்கணம் தடுத்த தொடக்கத்தை வாய் எப்போதோ பழகிவிட்டது. தமிழனின் நாக்கு வளையாது என்பவர்களுக்கு எங்கள் லயத்து மக்கள் நூறு ஆண்டுகளாகப் பேசிய பேச்சே மறுப்பு.

கோளாறு நாக்கில் இல்லையென்றால் எங்கே? காதில். 1999-இல் எமானுவேல் துப்பூ என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் அவருடைய குழுவும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஜப்பானிய மொழியும் தமிழைப் போலவே மெய்களை அடுக்கவிடாத மொழி. ஸ்ட்ரைக்கை அவர்கள் 'சுதொராய்க்கு' என்பார்கள். அந்தச் சோதனையில் 'எபுஸோ' என்ற பொருளற்ற சொல்லைப் பதிவுசெய்து, நடுவில் உள்ள உகரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் முழுவதும் நீக்கி 'எப்ஸோ' ஆக்கினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் உகரம் போனதும் போய்விட்டது என்றார்கள். ஜப்பானியர்களோ ஒலியே இல்லாத இடத்திலும் உகரம் கேட்கிறது என்றார்கள். பேசுவதற்கு முன்பே, கேட்கும்போதே உயிர் புகுந்துவிடுகிறது.

இதை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்று படிக்கும் ஒரு பெண் வந்தாள். "நாக்கு தடிப்பு சார் அவளுக்கு. அவங்கப்பாவுக்கும் அப்படித்தான்" என்று அம்மா சொல்லி விட்டுப் போனார். அவளிடம் எதையும் சொல்லச் சொல்லவில்லை. விளையாட்டு என்று பொருள் தரும் ஸ்போர்ட்டையும், ஆதரவு என்று பொருள் தரும் சப்போர்ட்டையும் மாற்றி மாற்றி இருபது முறை சொன்னேன். முதலாவது என்றால் வலக் கை, இரண்டாவது என்றால் இடக் கை தூக்க வேண்டும். என் வாயைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னேன். ஏறத்தாழப் பாதிதான் சரி. குருட்டாம்போக்கில் கை தூக்கினாலும் அவ்வளவு வரும். வேறுபாடே கேட்காத பிள்ளையிடம் வேறுபடுத்திச் சொல் என்றால் அவள் என்ன செய்வாள்?

இனி, தமிழ்ப்பள்ளி மேல் போடும் பழி. இதற்கு ஒரு நியாயமான சாட்சி இருப்பதுபோல் தோன்றும். தமிழ் வகுப்பில் பிள்ளைகள் மெய்யெழுத்தை 'இக், இங், இச், இஞ்' என்று ஓதுகிறார்கள். இஸ்கூலில் வருவதும் அதே இகரம்தானே என்று ஒரு நண்பர் என்னை மடக்கப் பார்த்தார். மெய்க்குப் பெயர் சொல்ல ஓர் உயிரின் துணை எல்லா மொழிக்கும் வேண்டியிருக்கிறது. ஆங்கிலேயன் ஸகர எழுத்தை 'எஸ்' என்கிறான், வேறு சிலவற்றை எல், எம், என் என்கிறான். அதனால் அவன் 'எஸ்கூல்' என்று சொல்வதில்லையே! பள்ளிக்கே போகாதவர்களையும் பாருங்கள். தோட்டங்களில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அதன் பிறகும் பள்ளி வாசலையே மிதிக்காமல் பால் வாளி தூக்கியவர்கள் எத்தனையோ பேர். என் பாட்டி அவர்களில் ஒருத்தி. அவள் ரப்பர் ஸ்டோரை 'இஸ்டோரு' என்றுதான் சொன்னாள். மலாய்ப் பள்ளியில் மட்டுமே படித்து, வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளிடமும் இதே இகரத்தைக் கேட்கிறேன். இகரம் தாய்மொழிக் காதோடு வருகிறது. பள்ளிச் சேர்க்கைப் பாரத்தோடு வருவதில்லை. பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியிலிருந்து எடுத்துவிட்டால் இகரம் போகாது. எழுதப் படிக்கத் தெரிந்த தமிழ்தான் போகும்.

உண்மையில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளையிடம் மற்றவரிடம் இல்லாத ஒரு கருவி இருக்கிறது. அது புள்ளி. உயிரற்ற மெய்யைக் கண்ணால் காட்டும் குறி அது. 'ஸ்' என்று எழுதிக் காட்டினால் அதில் உயிர் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆங்கிலப் புத்தகத்தில் சொல்லுக்கு மேலே பென்சிலால் 'இஸ்கூல்', 'சுட்ரைக்' என்று எழுதிக்கொள்ளும் பழக்கத்தை நான் கண்டிப்பாக நிறுத்துகிறேன். 'ஸ்கூல்', 'ஸ்ட்ரைக்' என்று புள்ளியோடு எழுதச் சொல்கிறேன்.

பொது நம்பிக்கை தரும் பயிற்சி என்ன? மெதுவாகச் சொல், அழுத்திச் சொல், ஒவ்வோர் எழுத்தாகச் சொல். ககரத்தையோ டகரத்தையோ தனியே அழுத்திச் சொல்ல யாராலும் முடியாது. அடைத்த காற்றை விடும்போது பின்னால் ஓர் உகரமோ அகரமோ ஒட்டிக்கொண்டு வரும். "ஸ்... டு... ரை... க்கு" என்று ஆசிரியர் அழுத்தமாகச் சொல்லச் சொல்ல, பிள்ளை படிப்பது 'இஸ்டுரைக்கு' என்ற நான்கு அசைச் சொல். ஸ்ட்ரைக் ஆங்கிலத்தில் ஒரே ஓர் அசை. மெதுவாகச் சொல்வது அதை உடைத்துப் பார்க்க உதவலாம், ஒட்ட வைக்க உதவாது. ஒரே மூச்சில் இருபது ஸகரம் வரும் நாப்பிறழ்ச்சி வாக்கியங்களும் அப்படித்தான். முதல் சொல்லில் புகுந்த இகரம் இருபது முறை உறுதிப்படும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். அந்தப் பெண்ணுக்கு மூன்று சனிக்கிழமை வெறும் கேட்டல்தான். ஸ்போர்ட், சப்போர்ட், ஸ்டேட், எஸ்டேட். வீட்டில் அக்காவின் கைப்பேசியில் என் குரலைப் பதிந்து கேட்டாள். மூன்றாம் வாரம் கை தடுமாறவில்லை. அதன்பிறகே வாய்.

பிஸ்கட் என்று சொல்லச் சொன்னேன். சொன்னாள். 'பிஸ்' என்ற இடத்தில் ஸகரத்தைக் குக்கர் ஆவி விடுவதுபோல் இழுக்கச் சொன்னேன்: பிஸ்ஸ்ஸ்ஸ்கட். அடுத்து 'கட்'டுக்குப் பதில் 'கூல்': பிஸ்ஸ்ஸ்ஸ்கூல். இந்த இடத்தில் ககரம் எப்படி இருக்க வேண்டும் என்று பிள்ளைகளைக் குழப்ப வேண்டியதில்லை. ஆங்கிலச் சொல்லின் முதலில் தனியே வரும் ககரத்தில் ஊதியதுபோல் மூச்சு கலந்திருக்கும். ஸகரத்துக்குப் பின் வரும் ககரத்தில் அந்த மூச்சு இருக்காது. அது நம் தமிழ்க் ககரமேதான். 'கூலி' என்ற சொல்லில் கடைசி இகரத்தை விட்டுவிட்டால் ஸ்கூலின் பின்பாதி அப்படியே கிடைக்கிறது. பிறகு 'பி'யை உரக்கச் சொல்லாமல் கிசுகிசுப்பாக, அதன்பின் உதட்டை மட்டும் அசைத்து, கடைசியில் அதுவும் இல்லாமல், ஸகரத்திலேயே தொடங்க வேண்டும்: ஸ்ஸ்ஸ்ஸ்கூல். இழுவையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சொல் வந்துவிடும்.

வந்ததா இல்லையா என்பதை எப்படி அறிவது? என் காதை நம்பச் சொல்வதில்லை. விரல் இரண்டைத் தொண்டைக் குமிழ் மேல் வைக்கச் சொல்கிறேன். எந்த உயிரைச் சொன்னாலும் தொண்டை அதிரும். ஸகரத்துக்கும் க், ட், ப் மூன்றுக்கும் அதிராது. ஆகவே ஸ்கூல் சொல்லும்போது முதல் அதிர்வு 'ஊ'வில்தான் தொடங்க வேண்டும். ஸகரத்துக்கு முன்பே விரலில் அதிர்வு தட்டினால் இகரம் முன்னே புகுந்துவிட்டது. ஸகரம் முடிந்து ககரம் வருமுன் ஒரு சிறு அதிர்வு வந்தால் நடுவில் உகரம் புகுந்துவிட்டது. அந்தப் பெண் முதல் முறை விரல் வைத்துச் சொன்னதும், "சார், முன்னுக்கே ஆடுது!" என்றாள். பல வருடங்களாகத் தன் வாயில் இருந்த இகரத்தை அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாகச் சந்தித்தாள்.

ஸ்ட்ரைக்குக்கு டிஸ்ட்ரிக்டைப் பிடித்துக்கொண்டோம். டிஸ்ஸ்ஸ்ஸ்ட்ரிக், அதில் 'ட்ரிக்'கை 'ட்ரைக்' ஆக்கினோம், பிறகு 'டி'யைக் கிசுகிசுப்பாக்கி, விட்டுவிட்டோம். இங்கே கூட்டு இரண்டு இடத்தில் உடையும். ஸகரத்துக்கு முன்னால் இகரம் வருவதை விரல் காட்டிக்கொடுக்கும். டகரத்துக்கும் ரகரத்துக்கும் இடையில் வரும் 'டிரை' கொஞ்சம் தந்திரமானது. வெற்றி என்பதைச் செய்யுள் படிக்கும்போது இரட்டை றகரத்தை எப்படி ஒலிப்போம் என்று நினைத்துக்கொண்டால் அது சரியாகிவிடும். அங்கே ட், ர் இரண்டும் ஒரே அசைவாகத்தான் வருகிறது, நடுவில் நாக்கு ஓய்வெடுப்பதில்லை.

ஸ்ட்ரைக்கின் வால்தான் பலரும் கவனிக்காதது. முன்னால் உள்ள இகரத்தை ஒழித்துவிட்டு 'ஸ்ட்ரைக்கு' என்று முடிப்பார்கள். தமிழில் க், ட், ப் போன்ற வல்லினம் சொல்லின் இறுதியில் தனியே நிற்காது. நிற்க வைக்க நாம் அந்த வல்லினத்தை இரட்டித்துக் குற்றியலுகரம் ஏற்றுகிறோம். புக்கு, கேட்டு, மேப்பு எல்லாம் அப்படி வந்தவைதான். இலக்கணம் அந்த உகரத்துக்கு அரை மாத்திரைதான் அளந்தது, ஆனால் ஆங்கிலக் காதுக்கு அந்த அரையே இன்னோர் அசை. இதற்கு நம்மூர்ப் பிள்ளைகளுக்கு மருந்து கையிலேயே இருக்கிறது. அவர்கள் நாள்தோறும் மலாய் பேசுகிறார்கள். 'துத்துப்' என்றால் மூடு, 'டாப்பாட்' என்றால் கிடைத்தது. அந்தச் சொற்களின் முடிவில் வாயை மூடியோ நாக்கை ஒட்டியோ அப்படியே நிறுத்திவிடுகிறார்கள். 'துத்துப்பு' என்று சொல்லும் பிள்ளையை நான் பார்த்ததில்லை. 'துத்துப்' முடிவதுபோலவே ஸ்ட்ரைக்கை முடி என்றேன். ஒரே முயற்சியில் வந்தது. அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் இன்னும் எளிது. குற்றியலுகரம் உயிர் முன் ஓடிவிடும் என்று தமிழ் வகுப்பில் படித்ததுதான். ககரத்தை நேராக அந்த உயிரில் ஏற்றிவிட வேண்டியது.

விரல் வைக்கும் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஊது என்று பொருள்படும் 'ப்ளோ'வில் முதல் மெய்யே தொண்டை அதிரச் சொல்லும் மெய். ஆகவே விரல் எதையும் பிரித்துக் காட்டாது. ஆனால் அங்கே இகரம் புகுந்தால் 'பிலோ' ஆகிக் கீழே என்ற பொருள் வந்துவிடும். அதற்கு நாக்கை முன்கூட்டியே வைக்க வேண்டும். உதட்டை மூடியிருக்கும்போதே நாக்கு நுனியை லகரத்துக்கு உரிய இடத்தில், மேல் பல்லுக்குப் பின்னால் ஒட்டிவிட்டு, பிறகு உதட்டைத் திறக்க வேண்டும். உதடு திறந்தபின் நாக்கு எழும்பினால் அந்த இடைவெளியில்தான் இகரம் பிறக்கிறது. நாக்கை முன்கூட்டியே வைக்கும் இந்த முறை கிளாஸ், பிளேட் எல்லாவற்றுக்கும் பொருந்தும். எனக்குத் தெரிந்து பெரியவர்களுக்கு மிகவும் பயன்பட்டது இந்த ஒன்றுதான்.

இன்னோர் எல்லையும் உண்டு. வகுப்பில் நன்றாக வரும் சொல், பயந்துபோன நேரத்தில் பழையபடி இகரத்தோடு வரும். நேர்முகத் தேர்வு அப்படிப்பட்ட நேரம். அதற்காக, சொல்லைத் தனியே சொல்லிப் பழகுவதோடு நிறுத்தாமல் முன்னால் உயிரில் முடியும் ஆங்கிலச் சொல் ஒன்றை வைத்தும் பழக்குகிறேன். 'மை ஸ்கூல்', 'த ஸ்டேட்' என்னும்போது ஸகரம் முன் சொல்லின் உயிர்மேல் சாய்ந்துகொள்கிறது, பிஸ்கட்டில் சாய்ந்ததுபோலவே. பதற்றத்திலும் இகரத்துக்கு வேலை இருக்காது. அந்தப் பையன் 'ஐம் ஃப்ரம் த ஸ்டேட் ஆஃப்' என்று தொடங்கியிருந்தால் அவர் ரப்பரைப் பற்றிக் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

ஒரு விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். இந்தத் திருத்தம் ஆங்கிலம் பேசும்போது மட்டும். தமிழில் பேசும்போது பாட்டி 'இஸ்டோரு' என்று சொன்னால், அது தமிழ் தன் அசை விதிப்படி உள்வாங்கிக்கொண்ட சொல். சினேகத்தைத் திருத்தி ஸ்நேகம் ஆக்கச் சொல்கிறோமா? பாட்டியைத் திருத்தும் பேரப்பிள்ளையை நான் வகுப்பிலேயே நிறுத்தியிருக்கிறேன். இரண்டு மொழியும் அறிந்தவனுக்கு எந்த மொழியில் எங்கே உயிர் வேண்டும், எங்கே வேண்டாம் என்று தெரிந்தால் போதும்.

அந்தப் பெண் படிவம் ஒன்று முடித்துவிட்டாள். அவளுடைய தம்பியை வருகிற ஜனவரியில் முதலாம் ஆண்டில் சேர்க்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் போட்டால் நாக்கு தடித்துவிடுமோ என்று அம்மா இன்னமும் யோசிக்கிறார். அம்மா, தமிழ்ப்பள்ளியிலேயே போடுங்கள். இகரத்தைப் பற்றிக் கவலையாக இருந்தால், சனிக்கிழமை காலையில் அக்காவோடு அவனையும் மண்டபத்துக்கு அனுப்புங்கள்.